உத்திரத்தின் தொய்வைத் திரிபு ஆற்றலிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு மீட்டர் நீள எஃகு உத்திரம் ஒன்று. ஒரு முனை சுவருக்குள் இறுகப் பதிந்திருக்கிறது, மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. அதாவது ஒரு கேன்டிலீவர். அந்தர முனையில் 4 கிலோ நியூட்டன் சுமை தொங்குகிறது. சரியாக நடுவில், சுவரிலிருந்து ஒரு மீட்டரில், இன்னொரு 4 கிலோ நியூட்டன். முனை எவ்வளவு கீழே இறங்கும்?

இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது எனக்கு 11.67 மி.மீ. வந்தது. சரியான விடை 8.75 மி.மீ. தொகையீட்டில் பிழை இல்லை, அலகு மாற்றத்திலும் பிழை இல்லை. இரண்டு சுமையும் சமம்தானே என்று இரண்டுக்கும் P என்றே பெயர் வைத்ததுதான் பிழை. இந்த முறையைக் கற்பவர்கள் பெரும்பாலும் வழுக்குகிற இடம் அதுதான். அதனால் இந்த ஒரே உத்திரத்தை வைத்தே முழுவதையும் பார்த்துவிடலாம்.

முறை என்ன சொல்கிறது

உத்திரம் வளையும்போது அதற்குள் ஆற்றல் சேர்கிறது. சுருள்வில்லை அழுத்தினால் சேர்வது போலத்தான். இதற்குத் திரிபு ஆற்றல் என்று பெயர், குறியீடு U. இத்தாலியப் பொறியாளர் கார்லோ ஆல்பெர்ட்டோ காஸ்டிலியானோ, டூரினில் 1873-இல் எழுதிய பட்ட ஆய்வேட்டில் இந்த ஆற்றலுக்கும் தொய்வுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். (வகுப்பில் பலர் ‘காஸ்டிக்லியானோ’ என்பார்கள். இத்தாலிய மொழியில் அந்த ‘க்’ ஒலிக்காது.) அவர் பெயரில் இரண்டு தேற்றங்கள் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது. U-வை ஒரு சுமையைப் பொறுத்துப் பகுதி வகையீடு செய்தால், அந்தச் சுமை நிற்கும் புள்ளி அந்தச் சுமையின் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பது கிடைக்கும்.

```
δ = ∂U/∂P
```

இது எப்படி உண்மையாகிறது என்பதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போனால் பின்னால் குழப்பம் வராது. உத்திரத்தில் எல்லாச் சுமைகளும் ஏற்கெனவே நிற்கின்றன, ஆற்றல் U என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது முனைச் சுமை P-யோடு dP என்ற மிகச் சிறிய சுமையைச் சேர்க்கிறோம். ஆற்றல் `(∂U/∂P)·dP` அளவு கூடும்.

இதையே வரிசை மாற்றிச் செய்வோம். வெறும் உத்திரத்தில் முதலில் dP-யை மட்டும் தொங்கவிடுகிறோம். அது ஏற்படுத்தும் தொய்வு அற்பம், அந்த வேலை மிகச் சிறியதின் வர்க்கம் என்பதால் விட்டுவிடலாம். அப்புறம் உண்மையான சுமைகளை ஏற்றுகிறோம். அவை தங்கள் பங்குக்கு U ஆற்றலைச் சேர்க்கின்றன. அதே நேரத்தில் முனை δ அளவு இறங்குகிறது. ஏற்கெனவே அங்கே தொங்கிக்கொண்டிருக்கும் dP-யும் கூடவே இறங்கி `dP·δ` வேலை செய்கிறது. முழு அளவோடு இறங்குவதால் இங்கே பாதி என்ற பேச்சு இல்லை. சுமையை எந்த வரிசையில் ஏற்றினாலும் கடைசியில் உத்திரத்தில் இருக்கும் ஆற்றல் ஒன்றுதான். இரண்டு வழியில் வந்த கூடுதலையும் சமப்படுத்தினால் மேலே உள்ள சூத்திரம் வந்துவிடும்.

dP முனையில்தான் தொங்குகிறது, நடுவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தச் சுமையைக் கொஞ்சம் கூட்டுகிறோமோ, அது நிற்கும் இடத்தின் தொய்வு மட்டுமே வரும். என் பழைய பிழைக்கு விளக்கம் இங்கேயே இருக்கிறது.

முதல் வேலை: பெயர் வைப்பது

எண்களைச் சற்று மறந்துவிடுங்கள். முனைச் சுமைக்கு P, நடுச் சுமைக்கு W. இரண்டும் 4 என்பது நமக்குத் தெரியும், ஆனால் அதைக் கடைசி வரை சொல்லக்கூடாது. வகையீடு முடியும் வரை ஒவ்வொரு சுமைக்கும் தனிப் பெயர்.

அடுத்து x-ஐ எங்கிருந்து அளப்பது? கேன்டிலீவர் என்றால் அந்தர முனையிலிருந்து அளப்பதே நல்லது. சுவர்ப் பக்கமிருந்து தொடங்கினால் சுவர் கொடுக்கும் எதிர்விசையையும் எதிர் மொமென்ட்டையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டிவரும். முனையிலிருந்து வந்தால் அவை கணக்கிலேயே நுழையாது.

இரண்டாவது: பெண்டிங் மொமென்ட்

x தூரத்தில் உத்திரத்தை மனதுக்குள் வெட்டிப் பாருங்கள். வெட்டுக்கும் முனைக்கும் இடையில் என்னென்ன சுமை இருக்கிறதோ, அவைதான் அங்கே மொமென்ட்டைத் தருகின்றன. முதல் மீட்டரில் P மட்டும் இருக்கிறது. ஒரு மீட்டரைத் தாண்டினால் W-வும் சேர்ந்துகொள்ளும். ஆக இரண்டு துண்டு, இரண்டு சமன்பாடு.

```
0 < x < 1 :  M = P·x
1 < x < 2 :  M = P·x + W·(x − 1)
```

உத்திரத்தின் மேல்பக்கம் இழுபடும் மொமென்ட்டை இங்கே பாசிட்டிவ் என்று எடுத்திருக்கிறேன். நீங்கள் நெகட்டிவ் என்று எடுத்தாலும் விடை மாறாது, ஏனென்றால் ஆற்றலில் M-இன் வர்க்கம்தான் வருகிறது. ஆனால் ஒரு துண்டுக்குள்ளேயே P-க்கு ஒரு குறி, W-க்கு வேறு குறி என்று மாற்றிப் போட்டால் விடை கெட்டுவிடும். இரண்டு சுமையும் கீழ்நோக்கி இருப்பதால் இரண்டும் ஒரே குறியில்தான் வர வேண்டும்.

மூன்றாவது: முதலில் வகையீடு, பிறகு தொகையீடு

வளைவினால் சேரும் ஆற்றல் இது:

```
U = ∫ M² / (2EI) dx
```

E என்பது யங் குணகம், I என்பது குறுக்குவெட்டின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. இந்தச் சூத்திரத்தைப் பார்த்ததும் M-ஐ வர்க்கப்படுத்தி, விரித்து, தொகையிட்டு, U-வுக்கு நீளமான ஒரு கோவை எழுதி, பிறகு P-யைப் பொறுத்து வகையிடப் போவார்கள் புதியவர்கள். தவறில்லை, ஆனால் வீண் உழைப்பு. தொகையீட்டுக்குள்ளேயே வகையிட்டால் வர்க்கமும் போய்விடும், கீழே இருக்கும் 2-உம் போய்விடும்.

```
δ = ∫ (M/EI) · (∂M/∂P) dx
```

நடைமுறையில் எல்லோரும் பயன்படுத்துவது இந்த வடிவம்தான். இனி ∂M/∂P-யை இரண்டு துண்டுக்கும் எழுத வேண்டும். முதல் துண்டில் x. இரண்டாவது துண்டிலும் x-தான், ஏனென்றால் W-வுக்கும் P-க்கும் சம்பந்தம் இல்லை, அது மாறிலி போல நின்று மறைந்துவிடும்.

வகையீடு முடிந்தது. இப்போதுதான் எண்களைப் போடலாம். P = 4, W = 4.

```
முதல் துண்டு   : ∫ (4x)·x dx,            0 → 1  =  1.333
இரண்டாம் துண்டு : ∫ [4x + 4(x−1)]·x dx,   1 → 2  = 12.667
கூட்டல்                                          = 14.0
```

இந்த 14-இன் அலகு கிலோ நியூட்டன் × மீட்டரின் கனம். இரண்டாம் துண்டின் தொகையீடு கொஞ்சம் சிக்கலாகத் தெரிந்தால் அங்கே அளவுகோலையே மாற்றிக்கொள்ளலாம். நடுச் சுமையிலிருந்து சுவரை நோக்கி s என்று அளந்தால், மொமென்ட் `P(1 + s) + W·s`, வகையீடு `1 + s`, எல்லை 0 முதல் 1. விடை அதே 12.667. ஆற்றலுக்குத் திசை கிடையாது, ஒவ்வொரு துண்டின் ஆற்றலையும் எப்படி வேண்டுமானாலும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இந்தச் சுதந்திரம்தான். இரட்டைத் தொகையீட்டு முறையில் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் சாய்வும் தொய்வும் பொருந்துகிறதா என்று மாறிலிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

நான்காவது: EI-ஆல் வகுப்பது

எஃகுக்கு E சுமார் 200 கிகா பாஸ்கல். நம் உத்திரத்தின் I, 80 லட்சம் மி.மீ.⁴ என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 150 மி.மீ. ஆழமுள்ள ஐ-வடிவ உத்திரத்துக்கு இது பொருந்தும். நாம் கிலோ நியூட்டனிலும் மீட்டரிலும் கணக்குப் போட்டிருப்பதால் EI-யும் அதே அலகுக்கு வர வேண்டும்.

```
E  = 200 × 10⁶ kN/m²
I  = 8 × 10⁶ mm⁴ = 8 × 10⁻⁶ m⁴
EI = 1600 kN·m²

δ = 14 / 1600 = 0.00875 m = 8.75 mm
```

மி.மீ.⁴ மீட்டர்⁴ ஆகும்போது 10¹² ஆல் வகுக்க வேண்டும். 10³ ஆலோ 10⁹ ஆலோ வகுத்தால் விடை நம்ப முடியாத அளவுக்குப் போய்விடும், அதனால் பிழை உடனே தெரிந்துவிடும். ஆபத்து, நம்பும்படியான தப்பு விடையில்தான் இருக்கிறது.

விடை பாசிட்டிவாக வந்திருக்கிறது. முனை P-யின் திசையில், அதாவது கீழே, இறங்குகிறது என்று அர்த்தம். நெகட்டிவாக வந்தால் P-க்கு எதிர்த்திசையில் நகர்ந்தது என்று பொருள்.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. முனைச் சுமைக்குப் பாடநூல் சூத்திரம் `PL³/3EI`, அது 6.667 மி.மீ. தருகிறது. சுவரிலிருந்து a தூரத்தில் நிற்கும் சுமையால் முனையில் வரும் தொய்வு `Wa²(3L − a)/6EI`, அது 2.083 மி.மீ. கூட்டினால் 8.75. பொருந்துகிறது.

11.67 எப்படி வந்தது

இனி என் பிழைக்கு வருகிறேன். இரண்டுக்கும் P என்று வைத்தால் இரண்டாம் துண்டின் மொமென்ட் `P(2x − 1)` ஆகிவிடும். அதை P-யைப் பொறுத்து வகையிட்டால் x அல்ல, `2x − 1` கிடைக்கும். தொகையிட்டால் 14-க்குப் பதில் 18.667, தொய்வு 11.67 மி.மீ.

இது அர்த்தமில்லாத எண் இல்லை. P-யைக் கொஞ்சம் கூட்டும்போது முனைச் சுமையும் நடுச் சுமையும் சேர்ந்து கூடுகின்றன. dP இரண்டு இடத்தில் தொங்குகிறது. அதனால் கிடைப்பது இரண்டு இடத்துத் தொய்வின் கூட்டுத்தொகை. சோதித்துப் பார்க்கலாம். நடுப்புள்ளியின் தொய்வு வேண்டுமென்றால் W-வைப் பொறுத்து வகையிட வேண்டும். முதல் துண்டில் W இல்லை, வகையீடு சுழி. இரண்டாம் துண்டில் `x − 1`.

```
∫ [4x + 4(x−1)]·(x−1) dx,  1 → 2  =  4.667
δ_W = 4.667 / 1600 = 2.917 mm
```

8.75 + 2.917 = 11.667. என் பழைய விடை அப்படியே வந்துவிட்டது.

இதே பிழை இரு முனையும் தாங்கப்பட்ட உத்திரத்தில் இன்னும் தந்திரமாக வரும். நீளத்தை மூன்றாகப் பிரித்து இரண்டு இடத்தில் சமச் சுமை வைத்தால், இரண்டு புள்ளியும் ஒரே அளவு தொய்யும். பொதுவான P-யால் வகையிட்டால் சரியாக இருமடங்கு வரும். விடை கச்சிதமாக இருமடங்காகத் தெரிந்தால் முதலில் பெயர்களைத்தான் பாருங்கள்.

சுமையே இல்லாத இடத்தில் தொய்வு வேண்டுமென்றால்

முனைச் சுமையை எடுத்துவிடுவோம். நடுவில் W மட்டும் இருக்கிறது. இப்போதும் முனை இறங்கும், ஆனால் வகையிட அங்கே சுமை இல்லை. என்ன செய்வது? முனையில் P என்ற போலிச் சுமையை நாமே வைக்கிறோம். மொமென்ட் சமன்பாடுகளில் P-யை எழுதி, வகையிட்டு, அதற்கு அப்புறம் P = 0 என்று போடுகிறோம்.

நமக்குப் புதிதாக எழுத எதுவும் இல்லை, சமன்பாடுகள் மேலே தயாராக இருக்கின்றன. P = 0 என்றால் முதல் துண்டில் M சுழி, அது போய்விடும். இரண்டாம் துண்டில் மிஞ்சுவது:

```
∫ 4(x−1)·x dx,  1 → 2  =  3.333
δ = 3.333 / 1600 = 2.083 mm
```

சற்று முன்பு சூத்திரத்தில் பார்த்த அதே 2.083. சுமை இல்லாத முதல் மீட்டர் வளையவே இல்லை, நேராகவே இருக்கிறது. நடுப்புள்ளி சாய்ந்ததால் அது சாய்வாக நீட்டிக்கொண்டு கீழே போகிறது, அவ்வளவுதான்.

இங்கே வரிசைதான் முக்கியம். ‘எப்படியும் சுழிதானே’ என்று வகையிடும் முன்பே P = 0 போட்டுவிட்டால் வகையிட எதுவும் இருக்காது, தொய்வு சுழி என்று வரும். வகையிட்ட உடனேயே சுழியாக்குவது நல்லது, தொகையீடு சின்னதாகிவிடும்.

இரு முனையும் தாங்கப்பட்ட உத்திரத்தில் போலிச் சுமை வைக்கும்போது இன்னொன்றும் செய்ய வேண்டும். தாங்கிகளின் எதிர்விசைகளை அந்தப் போலிச் சுமையையும் சேர்த்துத் திரும்பக் கணக்கிட வேண்டும். நிஜச் சுமைக்கு ஏற்கெனவே கண்டுபிடித்த எதிர்விசையை எண்ணாக வைத்துக்கொண்டு, மொமென்ட்டில் மட்டும் போலிச் சுமையைச் சேர்த்தால், உத்திரம் சமநிலையிலேயே இருக்காது. வந்த விடையையும் நம்ப முடியாது. எதிர்விசையின் கோவையில் போலிச் சுமையின் எழுத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே அடுத்த வரிக்குப் போங்கள்.

சாய்வு வேண்டுமா? விசைக்குப் பதில் போலி மொமென்ட் ஒன்றை அந்தப் புள்ளியில் வையுங்கள். அதைப் பொறுத்து வகையிட்டால் சுழற்சிக் கோணம் ரேடியனில் கிடைக்கும். நம் உத்திரத்தில் இரண்டு சுமையும் இருக்கும்போது முனையில் m என்ற மொமென்ட் வைத்தால், இரண்டு துண்டிலும் ∂M/∂m = 1. அப்புறம் m = 0 போட்டு M-ஐ மட்டும் தொகையிட்டால் 8 + 2 = 10, அதை 1600-ஆல் வகுத்தால் 0.00625 ரேடியன், ஏறக்குறைய 0.36 டிகிரி.

பரவிய சுமை வந்தால் கவனம் தேவை. ஒரு மீட்டருக்கு w என்று உத்திரம் முழுக்கப் பரவிய சுமையை வைத்துக்கொண்டு, w-வைப் பொறுத்து வகையிட்டுவிட்டு, இது எந்தப் புள்ளியின் தொய்வு என்று தேடுபவர்கள் உண்டு. எந்தப் புள்ளியுடையதும் இல்லை. வளைந்த உத்திரத்துக்கும் அது முதலில் இருந்த நேர்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பளவு அது. பரவிய சுமைக்கும் போலிப் புள்ளிச் சுமைதான் வழி.

எங்கே இந்த முறை நிற்காது

சுமை இருமடங்கானால் தொய்வும் இருமடங்காக வேண்டும். இந்த நிபந்தனை உடைந்தால் ∂U/∂P தொய்வைத் தராது. எஃகு இளகும் எல்லையைத் தாண்டினாலோ, தொய்வு மிகப் பெரிதாகி உத்திரத்தின் வடிவமே மாறினாலோ உடைந்துவிடும். அதனால் முதலில் தகைவைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் உத்திரத்தில் சுவரருகே மொமென்ட் 4 × 2 + 4 × 1 = 12 கிலோ நியூட்டன் மீட்டர். 150 மி.மீ. ஆழத்துக்கு வளைவுத் தகைவு 112.5 மெகா பாஸ்கல் வருகிறது. சாதாரண கட்டுமான எஃகு இளகும் 250 மெகா பாஸ்கலுக்கு இது வெகு கீழே, கவலையில்லை. சுமைக்கும் தொய்வுக்கும் நேர்விகிதம் இல்லாத பொருள் என்றால் U-வுக்குப் பதில் நிரப்பு ஆற்றலை வகையிட வேண்டும். அது வேறு பாடம்.

வெப்பத்தால் வளைந்ததும், தாங்கி உட்கார்ந்ததால் இறங்கியதும் இந்த U-வில் இல்லை, தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, நறுக்குவிசை. மேலே உள்ள U-வில் வளைவின் ஆற்றல் மட்டுமே இருக்கிறது. செவ்வகக் குறுக்குவெட்டுள்ள எஃகு கேன்டிலீவரில் முனைச் சுமைக்கு, நறுக்குவிசையால் வரும் தொய்வு வளைவால் வருவதில் ஏறத்தாழ `0.78·(h/L)²` பங்கு. h என்பது ஆழம். ஆழம் நீளத்தில் பத்தில் ஒரு பங்கானால் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆழம் நீளத்தில் பாதியானால் கிட்டத்தட்ட 20 சதவீதம். ஐ-வடிவத்தில் நறுக்குவிசையை நடுத்தகடு ஒன்றே பெரும்பாலும் தாங்குவதால் பங்கு இன்னும் கூடும். ஆகவே கணினி மென்பொருளோடு ஒப்பிடும்போது உங்கள் விடை கொஞ்சம் குறைவாக வந்தால், தொகையீட்டைக் குடையும் முன் அந்த மென்பொருள் நறுக்குவிசையின் தொய்வையும் சேர்க்கிறதா என்று அதன் அமைப்பில் பாருங்கள்.